கடைசி நிமிடத்தில் கலக்கும் நிறம்

மார்கழி பாதி கடந்துவிட்டால் ஊர்ப் பெயிண்ட் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பொங்கலுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஒரு பக்கம், தை பிறந்ததும் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் ஷேடு கார்டைப் புரட்டி, பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு கட்டத்தில் விரல் வைத்து, "அண்ணே, இதுல நாலு லிட்டர் குடுங்க" என்கிறார். கடைக்காரர் அலமாரிப் பக்கமே போவதில்லை. அந்த நிறத்தின் எண்ணைக் கணினியில் தட்டுகிறார். மேல்விளிம்பு வரை நிரம்பாத ஒரு டின்னை எடுத்துத் திறந்து இயந்திரத்தின் அடியில் வைக்கிறார். மஞ்சள், கறுப்பு, பச்சை என்று மெல்லிய இழைகள் சில நொடிகள் உள்ளே இறங்குகின்றன. மூடியை அழுத்தித் தட்டி ஷேக்கரில் ஏற்றுகிறார். இரண்டு மூன்று நிமிடம் குலுங்கிய டின் கைக்கு வருகிறது.

வந்தவர் விரல் வைக்கும் வரை அந்த டின்னுக்கு என்ன நிறம் என்பது முடிவாகவே இல்லை. தொழிற்சாலை அதை முடிவு செய்யவில்லை, கிடங்கு செய்யவில்லை, கடையும் செய்யவில்லை. வேண்டுமென்றே எல்லோரும் அந்த முடிவைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தார்கள். பொருள் யாருக்கு, எந்த வடிவில் போகும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வரை அதை முழுமையாக்காமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை, சரக்கு மேலாண்மை படித்தவர்கள் 'போஸ்ட்போன்மென்ட்' என்பார்கள். தள்ளிப்போடுதல் என்ற கருத்தை ஒரு கொள்கையாக எழுதி வைத்தவர் ரோ ஆல்டர்சன் என்ற அமெரிக்கச் சந்தையியல் அறிஞர். ஆண்டு 1950.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கடை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் ஷேடு கார்டில் 1,500 நிறங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர், நான்கு, பத்து, இருபது என நான்கு அளவு டின்கள். ஒரே ஒரு ரகப் பெயிண்டுக்கே 6,000 விதமான டின்கள் ஆகிவிடுகின்றன. உள்சுவருக்கு, வெளிச்சுவருக்கு, மரத்துக்கு, இரும்புக்கு, அதிலும் விலை குறைந்தது, விலை கூடியது என்று ரகங்களைச் சேர்த்தால் எந்தக் கடையின் அலமாரியும் தாங்காது. அதனால்தான் டிண்டிங் மெஷின் வருவதற்கு முன்பு ஷேடு கார்டுகள் சின்னதாக இருந்தன. கடையில் இருக்கும் சில பத்து நிறங்களில் ஒன்றை வாங்க வேண்டும், அல்லது பெயிண்டரை நம்ப வேண்டும்.

டின்களின் வகை கூடுவது மட்டும் சிக்கல் இல்லை. எந்த நிறம் எப்போது விற்கும் என்று சொல்ல முடியாததுதான் பெரிய சிக்கல். மாதத்துக்குச் சராசரியாக ஒரே ஒரு டின் விற்கும் நிறம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரி ஒன்று என்றால் மாதம் தவறாமல் ஒன்று விற்கும் என்று பொருள் இல்லை. ஒரு மாதம் யாருமே கேட்கமாட்டார்கள், அடுத்த மாதம் மூன்று பேர் வந்து நிற்பார்கள். இப்படித் தற்செயலாக வரும் வாடிக்கையாளர்களை நூற்றுக்கு 98 மாதங்கள் வெறுங்கையுடன் அனுப்பாமல் இருக்க வேண்டுமென்றால், மாதத் தொடக்கத்தில் மூன்று டின் கையிருப்பு வேண்டும் என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. இப்படி 100 நிறங்கள் இருந்தால் 300 டின். விற்பனையோ மாதத்துக்கு நூறுதான். மீதி இருநூறும் முதலை முடக்கிக்கொண்டு அலமாரியில் தூங்கும்.

அதே நூறு நிறங்களையும் ஒரே வகை வெள்ளை டின்னிலிருந்து கலக்க முடிந்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. ஒரு நிறம் விற்காத மாதத்தில் இன்னொன்று கூடுதலாக விற்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. சராசரி நூறு டின் விற்கும் கடைக்கு அதே 98 மாத உத்தரவாதத்தைத் தர ஏறக்குறைய 121 டின் போதும். முன்னூறுக்குப் பதில் நூற்றிருபத்தொன்று. யாரும் கூடுதலாக உழைக்கவில்லை, எதையும் துல்லியமாகக் கணிக்கவில்லை. எந்த நிறம் என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லாமல் இருந்ததற்குக் கிடைத்த லாபம் இது.

இவ்வளவு லாபம் இருந்தும் இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். உண்மையில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். சுண்ணாம்பைக் கரைத்து, அதில் நீலமோ காவியோ போட்டுக் கலக்கிய காலத்திலிருந்தே நிறம் சுவருக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. பின்னால் டிஸ்டெம்பரும் எமல்ஷனும் வந்தபோது ஸ்டெயினர் பாட்டில்கள் வந்தன. வெள்ளைப் பெயிண்டில் ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கலக்கி, சுவரில் ஒரு மூலையில் தீட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மஞ்சள் விடணும்" என்று சொல்லும் பெயிண்டரும் தள்ளிப்போடுதலைத்தான் கடைப்பிடித்தார். அவர் கண்ணில் தேர்ச்சி இருந்தது. ஆனால் முதல் வாளி தீர்ந்து இரண்டாவது வாளி கலக்கும்போது அதே நிறம் வராது. கூடத்தில் அடித்த நிறம் மாடிப்படிக்கு வரும்போது மாறியிருக்கும். அடுத்த ஆண்டு ஒரு சுவரை மட்டும் திருத்த வேண்டியிருந்தால் வீடு முழுக்க அடிக்க வேண்டும்.

ஆகவே நிறத்தைக் கடைசியில் கலப்பது புதுமை இல்லை. கடைசியில் கலந்தும் ஒவ்வொரு முறையும் அதே நிறம் வருவதுதான் புதுமை. அதற்காகக் கடையில் செய்தது கொஞ்சம். தொழிற்சாலையில் செய்தது மிக அதிகம். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தள்ளிப்போடுதல் என்றால் வேலையைக் கடைக்குத் தள்ளிவிடுவது என்று நினைத்துவிடுகிறார்கள். பெயிண்டில் நடந்தது வேறு: கடினமான வேலை முன்னுக்கு வந்தது, எளிய வேலை மட்டுமே பின்னுக்குப் போனது.

பெயிண்ட் தயாரிப்பில் மிகக் கடினமான கட்டம் நிறமியை அரைப்பது. நிறமி என்பது நுண்ணிய தூள். அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாக நிற்கும். கட்டிகளை உடைத்து, திரும்பவும் ஒட்டிக்கொள்ளாதபடி திரவத்தில் சீராகப் பரப்ப வேகமாகச் சுழலும் இயந்திரங்களும், மணிகள் நிரப்பிய அரவை ஆலைகளும் வேண்டும். இதைக் கடையில் செய்ய முடியாது. அதனால் தொழிற்சாலையே நிறமிகளை அரைத்துக் கெட்டியான சாந்தாக்கி, 'கலரன்ட்' என்று குப்பியில் அடைத்து அனுப்புகிறது. கடையில் இருக்கும் பத்துப் பதினைந்து கலரன்டுகளில் ஒவ்வொன்றும் அனுப்பப்படும் முன் அதன் நிறமூட்டும் வலு அளக்கப்பட்டு, குறித்த அளவுக்குச் சரிசெய்யப்படுகிறது. சென்ற மாதக் குப்பியைவிட இந்த மாதக் குப்பி கொஞ்சம் வலுவாக இருந்தால் கணினியில் உள்ள எல்லா ஃபார்முலாவும் பொய்யாகிவிடும்.

வெள்ளை டின்னுக்கும் அதே கட்டுப்பாடு. 'பேஸ்' என்று கடையில் சொல்லும் அந்த டின் வெறும் வெள்ளைப் பெயிண்ட் இல்லை. சாதாரண வெள்ளை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பேஸ் அப்படி இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் ஒவ்வொரு கொதிகலன் அளவு சரக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அளவு குறித்த கலரன்டைக் கலந்து, தீட்டி உலரவிட்டு, வரும் நிறத்தைக் கருவியால் அளந்து, மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே டின்னில் அடைக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு நிறத்தைக் காய்ச்சும்போது அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நிறமி சேர்த்து, கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்வார். கடையில் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். அவருடைய தீர்ப்பைப் பேஸுக்குள்ளும் கலரன்டுக்குள்ளும் ஃபார்முலாவுக்குள்ளும் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது.

பேஸ் ஒன்று போதாதா என்றால், போதாது. பெயிண்டுக்கு வெண்மையையும் சுவரை மறைக்கும் திறனையும் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. அது நிறைந்த பேஸில் சிவப்பை ஊற்றினால் ரோஜா நிறம்தான் வரும், எவ்வளவு ஊற்றினாலும் குங்குமச் சிவப்பு வராது. அதனால் வெளிர் நிறங்களுக்கு டைட்டானியம் நிறைந்த பேஸ், நடுத்தர நிறங்களுக்குக் குறைவாக உள்ளது, அடர் நிறங்களுக்கு இன்னும் குறைவு, பளிச்சென்ற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் டைட்டானியமே இல்லாதது என்று மூன்று நான்கு பேஸ்கள் வைத்திருக்கிறார்கள். கடைசி வகையைத் திறந்து பார்த்தால் பால் போல் இருக்கும். உலர்ந்தால் கண்ணாடி போல் தெளிந்துவிடும். நான்கு பேஸ், நான்கு அளவு, ஆக 16 டின் வகைகள். கூடவே ஒரு வரிசைக் கலரன்ட் குப்பிகள். 6,000 டின்களின் வேலையை இவை பார்த்துக்கொள்கின்றன. டின்கள் விளிம்பு வரை நிரம்பாமல் வருவதும் இதற்காகத்தான். அடர் நிறங்களுக்குக் கலரன்ட் அதிகம் வேண்டும் என்பதால் அந்தப் பேஸ்களில் காலியிடமும் அதிகமாக விடப்பட்டிருக்கும். பேஸ் டின்னில் ஒரு லிட்டர் இல்லையே என்று கோபிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலரன்டை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமா? அதற்கும் எல்லை உண்டு. கலரன்டில் நிறமி இருக்கிறதே தவிர, உலர்ந்ததும் படலமாக இறுகும் பிசின் பொதுவாக இருக்காது. உலராமல் இருக்க உதவும் கிளைகால் போன்ற திரவங்களும், நிறமியைப் பரப்பி வைக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள்களும்தான் இருக்கும். டின்னில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும்போது படலம் இளகியே நிற்கும், தொட்டால் பிசுபிசுக்கும். வெளிச்சுவரில் அடித்த அன்றே பனியோ தூறலோ பட்டால், அந்தச் சோப்புப் பொருள் மேலே கசிந்து சுவர் முழுக்கக் கோடு கோடாக வழியும். அடர் நீலம், அடர் பழுப்பு அடித்த வீடுகளில் கண்ணீர் வழிந்தது போன்ற தடங்களைப் பார்த்திருக்கலாம். பெயிண்டர் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டார் என்று பழி போடுவார்கள். பல சமயம் அவர் மேல் தவறே இருக்காது.

சிவப்பிலும் மஞ்சளிலும் வேறொரு சங்கடம். டைட்டானியம் இல்லாத பேஸில், அந்த நிறமிகளே சுவரை மறைக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பல ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியவை. இரண்டு கோட்டில் மறையாமல் மூன்று நான்கு கோட் கேட்கும். அடியில் சாம்பல் நிறமோ அதே சாயலில் ஒரு வெளிர் நிறமோ முதலில் அடித்துக்கொள்வது இந்தச் செலவைக் குறைக்கும். அப்படிப்பட்ட நிறமிகளில் சில வெயிலிலும் சீக்கிரம் வெளுக்கும். ஒரே வரிசைக் கலரன்டு உள்சுவர், வெளிச்சுவர், எனாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக உழைக்க வேண்டியிருப்பதன் விலை இது. ஷேடு கார்டில் சில நிறங்களுக்கு அருகே வெளிச்சுவருக்கு ஏற்றதல்ல என்று சின்னதாக ஒரு குறி இருந்தால், அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இவ்வளவு ஏற்பாடும் கடைசியில் ஒரு இயந்திரத்தின் மூக்கு நுனியில் வந்து நிற்கிறது. கலரன்ட் அங்கே காய்ந்து ஒட்டிக்கொண்டால், கணினி சொன்ன அளவு டின்னில் விழாது. குப்பிக்குள் நிறமி அடியில் தங்கிவிட்டால் மேலே வருவது வலுக் குறைந்த சாறு. அதனால்தான் இயந்திரம் தானாகவே அவ்வப்போது குப்பிகளைக் கிளறுகிறது. காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் வெளியேற்றி, மூக்கைத் துடைக்க வேண்டும். கூட்டம் அலைமோதும் மார்கழிக் காலையில் தவறிப்போவது முதலில் இந்த வேலைதான்.

சின்ன டின்னில் பிழை பெரிதாகும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு நிறத்துக்கு 20 லிட்டரில் 3 மில்லி கறுப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு 0.15 மில்லி. இயந்திரம் 0.1 மில்லிப் படிகளில்தான் ஊற்றும் என்றால் 0.1 அல்லது 0.2 விழும். எப்படி விழுந்தாலும் கறுப்பில் மூன்றில் ஒரு பங்கு பிசகு. மென்மையான சாம்பல் நிறங்களில் அது கண்ணுக்குத் தெரியும். சில நிறங்களைச் சின்ன டின்னில் தர முடியாது என்று கணினி மறுப்பது இதனால்தான். ஒரு லிட்டரில் மாதிரி பார்த்துத் திருப்திப்பட்டு, பிறகு இருபது லிட்டர் வாங்கி, "நிறம் மாறிப்போச்சு" என்று சண்டைக்கு வருகிறவரும், தான் தப்பே செய்யவில்லை என்று சத்தியம் செய்யும் கடைக்காரரும் பல நேரம் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

டின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெயிண்டை ஒரு அட்டையில் தீட்டி, பாதி உலர்ந்ததும் ஓரிடத்தில் விரலால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒரே நிறமாக இருந்தால் சரி. தேய்த்த இடம் அடர்ந்தோ வெளுத்தோ தெரிந்தால் நிறமி இன்னும் கட்டியாக நிற்கிறது, அல்லது அந்தப் பேஸும் கலரன்டும் ஒத்துப்போகவில்லை. அதே டின்னைச் சுவரில் அடித்தால் பிரஷ் ஓடிய இடம் ஒரு நிறமும் ரோலர் ஓடிய இடம் ஒரு நிறமுமாகத் தெரியும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யவும் கூடாது; எமல்ஷன் உலரும்போது பொதுவாகக் கொஞ்சம் அடர்ந்துவிடும்.

எல்லா நிறத்தையும் கடைசியில்தான் கலக்க வேண்டும் என்றும் இல்லை. தூய வெள்ளை இன்றும் தொழிற்சாலையில் முழுமையாகத் தயாராகி வருகிறது. எனாமலில் கோல்டன் பிரவுன், ஸ்மோக் கிரே, போஸ்ட் ஆபீஸ் ரெட் போன்றவை ஆண்டுதோறும் ஒரே சீராக விற்பவை. கேட்டும் ஜன்னல் கம்பியும் இருக்கும் வரை அவற்றுக்கு ஆள் வருவார்கள். எவ்வளவு விற்கும் என்று தெரிந்த பொருளுக்கு முடிவைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. பெரிய அளவில் ஒரே முறையாகக் காய்ச்சுவதே மலிவு. தள்ளிப்போடுதல் வேலை செய்வது, மாதத்துக்கு ஒருவர் கேட்பாரோ மாட்டாரோ என்றிருக்கும் ஆயிரக்கணக்கான நிறங்களிடம்தான்.

துணித் தொழிலில் இதே யோசனையைத் துணிந்து செய்துபார்த்தது இத்தாலியின் பெனெட்டன். 1965-ல் தொடங்கிய அந்த நிறுவனம், 1970களில் கம்பளி ஆடைகளில் ஒரு பகுதியைச் சாயம் போடாத நூலில் பின்னி வைத்துவிட்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று கடைகளிலிருந்து செய்தி வந்த பிறகு ஆடையாகவே சாயம் தோய்த்தது. வழக்கம் அதற்கு நேர்மாறு: முதலில் நூலுக்குச் சாயம், பிறகு பின்னல். வரிசையை மாற்றியதும் செலவு கூடியது. தைத்து முடித்த ஆடையைச் சாயத் தொட்டியில் போட்டால் அது சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டு அளவு எடுக்க வேண்டும். பருத்தி ஆடையில் பாலியஸ்டர் நூலால் தைத்திருந்தால் தையல் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளையாகத் துருத்தித் தெரியும். திருப்பூரில் ஆடையாகத் தைத்த பின் சாயம் போடும் வேலையை எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் எல்லாம் பழக்கம். அதனால் பெனெட்டனும் தன் உற்பத்தி முழுவதையும் இப்படி மாற்றவில்லை. நிறத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாத பகுதிக்கு மட்டுமே வைத்துக்கொண்டது. பெயிண்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், அதன் கடைசி வேலை ஐந்து நிமிடத்தில், கடைப்பையன் ஒருவரின் கையால் முடிகிறது என்பது.

அந்த 121 டின் கணக்குக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு நிறம் ஏறும்போது இன்னொன்று இறங்கினால்தான் ஈடுகட்டல் நடக்கும். பொங்கலுக்கு முன் எல்லா நிறமும் சேர்ந்தே ஏறுகிறது. நூறு டின் விற்ற கடையில் இருநூறு கேட்டால், எந்தப் பேஸும் கைகொடுக்காது. எந்த நிறம் என்ற சந்தேகத்தை இந்த ஏற்பாடு தீர்த்துவிடுகிறது. மொத்தம் எவ்வளவு என்ற சந்தேகம் அப்படியே இருக்கிறது. அதை இன்னும் பழைய முறையில்தான், போன வருஷக் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே சரக்கு இறக்கித்தான் சமாளிக்க வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு மக்களின் விருப்பம் திரும்பினால், வெள்ளைப் பேஸ் மூலையில் தேங்க, அடர் பேஸ் தட்டுப்படும்.

கடைக்காரரின் பக்கமும் பார்க்க வேண்டும். முன்பு விற்காத டின் விற்காத டின்தான். என்றாவது ஒருநாள் போகும், இல்லையென்றால் நிறுவனத்திடம் பேசிப் பார்க்கலாம். இப்போது கலரன்ட் விழுந்த நொடியில் அந்த டின் ஒரே ஒருவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அவர் வாங்காமல் போனாலோ, எண் தவறித் தட்டிவிட்டாலோ அந்த நட்டம் பெரும்பாலும் கடையுடையது. மேலும் கலரன்ட் சேர்த்து அடர் நிறமாக்கி வேறொருவருக்குக் கொடுக்க முயலலாம். வெளிர் நிறமாகத் திருப்ப வழி இல்லை. தொழிற்சாலையின் கடைசிக் கட்டம் இந்தக் கடைக்குள் வந்துவிட்டது, அதை நடத்துகிறவருக்கோ சில வாரம் பக்கத்தில் நின்று பார்த்ததைத் தவிர வேறு பயிற்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூக்கைத் துடைப்பது ஏன் என்று யாராவது அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், தவறிப்போகும் டின்களில் பாதி குறையும்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு அறைக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்வது நல்லது. பல டின்கள் இருந்தால் அடிக்கத் தொடங்கும் முன் பெரிய வாளியில் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலந்துகொண்டால், டின்னுக்கு டின் இருக்கும் சிறு வேறுபாடு சுவரில் தெரியாது. மூடியில் ஒட்டித் தரும் சீட்டில் நிறத்தின் எண், பேஸ், டின் அளவு எல்லாம் அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் ஆணி அடித்த ஓட்டையை அடைத்துத் திருத்தும்போது "போன தடவை என்ன பேஸ்?" என்று கடைக்காரர் கேட்பதற்குப் பதில் கையில் இருக்கும்.